"எவையேனும் 10"னு போட்டா 14ம் எழுதி வைக்கிறாங்க: வினாத்தாள் முதல் பக்கம் எழுதுறது எப்படி?

கேள்வி: காசிமேட்ல சாயங்கால டியூஷன் சென்டர் நடத்துறோம் டீச்சர். பத்தாவது பசங்களுக்கு கணக்கு மாடல் எக்ஸாம் வெச்சோம், போர்டு பேப்பர் மாதிரியே முதல் பக்கம் அடிச்சோம். 31 பேர்ல ஒரு ஒம்பது பேர் சாய்ஸ்ல சொதப்பிட்டாங்க. சிலர் எல்லாத்தையும் எழுதிட்டாங்க, சிலர் கட்டாய கேள்விய விட்டுட்டாங்க, ரெண்டு பேர் டைம் போனதே தெரியலன்றாங்க. முதல் பக்க குறிப்ப எப்படி எழுதினா எல்லாருக்கும் புரியும்?

பதில்:

தம்பி, அந்த ஒம்பது பேரையும் திட்டிட்டீங்களா? திட்டலன்னா நல்லது, ஏன்னா தப்பு பாதி பேப்பர்ல இருக்கு. நான் தண்டையார்பேட்டை பக்கம் கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன்னு எத்தனையோ பேப்பர் செட் பண்ணியிருக்கேன், அதுல முதல் பக்கத்துலயே பசங்கள கவுத்த பேப்பரும் ரெண்டு மூணு இருக்கு, அதையும் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு பாருங்க. டைம் போனதே தெரியலன்னு சொன்ன அந்த ரெண்டு பேரோட விடைத்தாள எடுத்து, அவங்க ரெண்டாவது பகுதியிலயும் மூணாவது பகுதியிலயும் எத்தனை கேள்வி எழுதியிருக்காங்கன்னு எண்ணுங்க. பத்துக்கு மேல இருக்கும்னு பந்தயம் கட்டுவேன். பத்தாவது கணக்கு பேப்பர் 100 மார்க், எழுத மூணு மணி நேரம், அதாவது 180 நிமிஷம். ஒரு மார்க்குக்கு ஒண்ணே முக்கா நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல வருது. அஞ்சு மார்க் கணக்கு ஒண்ணுக்கு ஒம்பது நிமிஷம். மூணாவது பகுதியில பத்து எழுத வேண்டிய இடத்துல பதினாலும் எழுதினா நாலு ஒம்பது முப்பத்தாறு நிமிஷம் காலி. ரெண்டாவது பகுதியிலயும் நாலு கூட எழுதினா இன்னும் ஒரு பதினாலு நிமிஷம். கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் ஒரு மார்க்கும் வராத வேலைக்கு போயிடுச்சு, அப்புறம் கிராஃப் போட டைம் எங்க இருக்கும்? அதனால சாய்ஸ் வேற, நேரம் வேறன்னு பிரிச்சு பாக்காதீங்க, சாய்ஸ் புரியாதவனுக்குத்தான் நேரம் பத்தாம போகுது.

சரி, இப்போ அந்த ரெண்டாவது பகுதி வாசகத்துக்கு வருவோம். "எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளிக்கவும். வினா எண் 28-க்கு கட்டாயமாக விடையளிக்கவும்." நீங்களும் நானும் இத ஆயிரம் தடவ பாத்துட்டோம், அதனால 28ஐயும் சேத்துதான் பத்துன்னு நமக்கு தானா வந்துடும். புதுசா படிக்கிற பிள்ளைக்கு அங்க ரெண்டு தனித்தனி கட்டளை இருக்கு. பத்து எழுதுன்றது ஒண்ணு, 28 எழுதுன்றது இன்னொண்ணு. அப்போ மொத்தம் பதினொண்ணுன்னு அது நெனச்சா அதுல என்ன தப்பு? தமிழ் வாக்கியப்படி பாத்தா அதுவும் சரியான அர்த்தம்தான். வலது ஓரத்துல 10×2=20னு போட்டிருக்குமே, அத பாத்தா தெரியாதான்னு கேப்பீங்க. அது நமக்குத்தான் குறிப்பு, பசங்க அத மார்க் கணக்குன்னு மட்டும் பாத்துட்டு போயிடுறாங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. "எவையேனும்"ன்ற வார்த்தைய மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டு, எது வேணாலும் எழுதலாம்ல, 28 கஷ்டமா இருக்கு, விட்டுட்டு வேற எழுதுவோம்னு போறது. ஆக ஒரே வாசகம் ஒருத்தன பதினொண்ணு எழுத வெக்குது, இன்னொருத்தன 28ஐ விட வெக்குது.

நான் ஒரு அரையாண்டு பேப்பர்ல இத சரி பண்றேன்னு கெளம்பி இன்னும் மோசமாக்கினேன். "வினா எண் 28 தவிர எவையேனும் 9 வினாக்களுக்கு விடையளிக்கவும். 28 கட்டாயம்." எனக்கு அது கண்ணாடி மாதிரி தெளிவா தெரிஞ்சுது. பேப்பர் திருத்த உக்காந்தா 28ஐ தொடாத விடைத்தாளா வருது. ஒரு பொண்ண கூப்ட்டு கேட்டேன், "மிஸ், 28 தவிரன்னு நீங்கதானே போட்டீங்க"ன்னா. "தவிர"ன்னு பாத்ததும் வேணாம்னு முடிவு பண்ணிட்டு அடுத்த வரிய அது படிக்கவே இல்ல. பரீட்சை ஹால்ல பதட்டத்துல படிக்கிறவங்க முதல்ல கண்ணுல படுற வார்த்தைய புடிச்சுப்பாங்க. அன்னிக்கிலேர்ந்து முதல் பக்கத்துல "தவிர", "அல்லாமல்", "நீங்கலாக" எதையும் நான் போடுறதில்ல. "விடையளிக்காமல் விடக்கூடாது"ன்னு ரெண்டு எதிர்மறை சேத்து எழுதுறதும் அதே ரகம்தான்.

இப்போ நான் எழுதுறது இப்படி:

பகுதி II (வினா எண் 15 முதல் 28 வரை)
இந்தப் பகுதியில் பதினான்கு வினாக்கள் உள்ளன. பத்து வினாக்களுக்கு மட்டும் விடை எழுதுங்கள்.
அந்தப் பத்தில் ஒன்று வினா எண் 28 ஆக இருக்க வேண்டும். மற்ற ஒன்பதை வினா எண் 15 முதல் 27 வரை உள்ளவற்றிலிருந்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.
ஒரு விடைக்கு 2 மதிப்பெண். மொத்தம் 20 மதிப்பெண்.

பழைய வாசகத்த விட நீளம்தான், ஆனா ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கு. "அந்தப் பத்தில்"ன்றதுதான் இதுல ஆணிவேர், அது ஒண்ணு இருந்தா பதினொண்ணுன்னு யாரும் நெனைக்க முடியாது. "மற்ற ஒன்பதை"ன்னு சொன்னதும் கணக்கு முடிஞ்சிடுது, அவன் தலைக்குள்ள கழிக்க வேண்டிய வேலை இல்ல. அப்புறம் எண்ணிக்கைய எல்லாம் எழுத்துல போட்டு, வினா எண்ண மட்டும் இலக்கத்துல போட்டிருக்கேன் பாருங்க, அது சும்மா அழகுக்கு இல்ல. "10 வினாக்கள், வினா எண் 28, 14 வினாக்கள், 15 முதல்"னு எல்லாத்தையும் இலக்கமா அடுக்கினா எது எத்தனை, எது எத்தனாவதுன்னு கண்ணு கொழம்புது. எத்தனைன்றது எழுத்து, எத்தனாவதுன்றது இலக்கம்னு பேப்பர் முழுக்க ஒரே மாதிரி வெச்சா ரெண்டாவது பக்கத்துலயே பசங்களுக்கு பழகிடும். மார்க் மட்டும் இலக்கத்துல இருக்கட்டும், அது பக்கத்துலயே மதிப்பெண்ணுன்னு வார்த்த இருக்கறதால சிக்கல் இல்ல.

மூணாவது பகுதிக்கும் இதே அச்சுதான், 29லேர்ந்து 42 வரை, கட்டாயம் 42, ஒரு விடைக்கு 5. இங்க வார்த்தைய மாத்தி அழகா எழுதணும்னு தோணும், தமிழ் வாத்தியாருக்கெல்லாம் கை அரிக்கும். வேணாம். ஒரு இடத்துல "தேர்ந்தெடுங்கள்" இன்னொரு இடத்துல "தெரிவு செய்க"ன்னு போட்டா ஏதோ புது ரூல் போலன்னு படிக்கிறவன் அங்க நின்னுடுவான்.

உங்க சென்டர்லயே நடத்துற சின்ன டெஸ்ட்டா இருந்தா இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்கு, 28ஐ கூட்டத்துலேர்ந்து வெளிய எடுத்துடுறது. 15 முதல் 27 வரை ஒரு தலைப்பு, ஒன்பது எழுதுங்கள்னு. அதுக்கு கீழ ஒரு கோடு போட்டு, 28 தனி தலைப்பு, "இந்த வினாவை எல்லோரும் எழுத வேண்டும்"னு. அப்போ விளக்கமே தேவையில்ல, அமைப்பே சொல்லிடும். ஆனா மாடல் எக்ஸாம்னா போர்டு அச்சு பழகணும்ல, அதனால கேள்விங்க வரிசைய மாத்தாம வாசகத்த மட்டும் சரி பண்ணுங்க. அப்புறம் ஒரு நாள் போர்டு வாசகத்தையும் உங்க வாசகத்தையும் பலகையில பக்கத்துல பக்கத்துல எழுதி, ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டிடுங்க, மார்ச் மாசம் ஹால்ல அந்த பழைய வாசகத்த பாத்தா திகைக்க மாட்டாங்க.

அடுத்தது பலர் முதல் பக்கத்துல எழுதவே எழுதாத விஷயம். கூட எழுதினா என்ன ஆகும்? பதினொண்ணு எழுதினவனோட பதினொண்ண என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் திருத்தி நல்ல மார்க் வந்த பத்த எடுப்பீங்களா, இல்ல முதல் பத்தோட நிறுத்துவீங்களா? ரெண்டும் நடக்குது. எதுவா இருந்தாலும் பேப்பர் அடிக்கிறதுக்கு முன்னாடி முடிவு பண்ணி அச்சுல போடணும், திருத்தும்போது முடிவு பண்ணா ஆளுக்கு ஒரு நியாயம் ஆகிடும். நீட் தேர்வுல 2021லேர்ந்து 2024 வரைக்கும் பி பிரிவுல பாடத்துக்கு 15 கேள்வி குடுத்து 10 எழுதச் சொன்னாங்க, பத்துக்கு மேல எழுதினா முதல் பத்துதான் கணக்குல வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ரூல் பிடிக்குதோ இல்லியோ, தெரிஞ்சு ஹாலுக்குள்ள போகலாம்.

ஆனா "முதல் பத்து"ன்னு சொல்றதுலயும் ஒரு குழி இருக்கு. ஓ.எம்.ஆர்ல கேள்வி எண் வரிசைதான் வரிசை, வேற வழியில்ல. விடைத்தாள்ல எழுதுற பரீட்சையில அப்படி இல்லியே. ஒருத்தன் 27, 20, 16னு தெரிஞ்சத முதல்ல எழுதிட்டு வருவான், அவனுக்கு முதல் பத்துன்னா எழுதின வரிசையா, கேள்வி எண் வரிசையா? அடுத்தது, ஒரு பொண்ணு 15லேர்ந்து 24 வரைக்கும் பத்து எழுதி முடிச்சிட்டு, கடைசியில ஞாபகம் வந்து 28 எழுதுது. முதல் பத்து மட்டும்னு கண்ண மூடிட்டு திருத்தினா, கட்டாய கேள்விய எழுதியும் அதுக்கு மார்க் கிடையாது. இந்த ரெண்டையும் அடைக்கற மாதிரி எழுதணும்:

பத்துக்கு மேல் எழுதினால்: வினா எண் 28இன் விடை, விடைத்தாளில் எங்கே இருந்தாலும் திருத்தப்படும். மற்றவற்றில் நீங்கள் முதலில் எழுதிய ஒன்பது மட்டும் திருத்தப்படும். அடித்துவிட்ட விடை கணக்கில் வராது.
வினா எண் 28ஐ எழுதாவிட்டால்: மற்ற ஒன்பது விடைகளுக்கு மட்டுமே மதிப்பெண்.

அந்த கடைசி வரிய கண்டிப்பா போடுங்க. 28ஐ விட்டுட்டு வேற பத்து எழுதினவனுக்கு 20க்கு 18தான் உச்சம்னு அது சொல்லுது. 42ஐ விட்டா அஞ்சு மார்க் போச்சு. "கட்டாயம்"னு தடிச்ச எழுத்துல போட்டு மிரட்டுறத விட, விட்டா என்ன போகும்னு சொல்றது நல்லா ஏறுது. அப்புறம் அந்த "அடித்துவிட்ட விடை"ன்றதும் முக்கியம், கூட எழுதிட்டோம்னு நடுவுல தெரிஞ்சுக்கிட்ட பிள்ளைக்கு எத வெச்சுக்கறது எத அடிக்கறதுன்னு ஒரு வழி கெடைக்குது. இல்லன்னா பயந்துக்கிட்டு எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு வரும்.

நாலாவது பகுதி இன்னும் வேடிக்கை. தலைப்புல "அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்கவும்", கீழ 43க்கு (அ), நடுவுல "அல்லது", அப்புறம் (ஆ). 44க்கும் அதே. அனைத்துன்னு மேல போட்டுட்டு அல்லதுன்னு கீழ போட்டா பாவம் அவன் எத கேப்பான்? நாலையும் எழுதினவன் இருக்கான். இதவிட மோசம், மொத்தம் ரெண்டு எழுதணும்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டு 43லயே (அ)வும் (ஆ)வும் போட்டுட்டு 44ஐ விட்டவனும் இருக்கான், அவனுக்கு வடிவியல் நல்லா வரும், கிராஃப் பயம், சாய்ஸ் இருக்குன்னு நெனச்சிட்டான். எட்டு மார்க் அப்படியே அவுட். இங்க "அனைத்து"ன்ற வார்த்தையே வேணாம்:

வினா எண் 43இல் (அ), (ஆ) என்ற இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வினா எண் 44இலும் (அ), (ஆ) என்ற இரண்டில் ஒன்றை எழுதுங்கள். ஆக மொத்தம் இரண்டு விடைகள். ஒரே எண்ணில் இரண்டையும் எழுதினால் முதலில் எழுதியதற்கு மட்டுமே மதிப்பெண்.

இன்னொரு சின்ன விஷயம், டைப் அடிக்கறவர் கிட்ட சொல்லி வெக்கணும். 43 (அ) ஒரு பக்கத்து அடியிலயும், "அல்லது"ம் (ஆ)வும் அடுத்த பக்கத்து மேலயும் போயிடாம பாத்துக்கோங்க. பக்கம் திருப்பினவனுக்கு (ஆ) தனி கேள்வி மாதிரிதான் தெரியும். மிண்ட்ல ஜெராக்ஸ் கடையில நாலு பக்கத்த ரெண்டு பக்கமா சுருக்கி காசு மிச்சம் பண்ணலாம்னு போயி இப்படி ஒடஞ்சு வந்தத நான் ஹால்ல பேப்பர் குடுத்தப்புறம்தான் பாத்தேன்.

இப்போ நேரம். இங்க தமிழ்ல ஒரு வம்பு இருக்கு. "மணி"ன்னா கடிகாரத்துல காட்டுற நேரமும் மணிதான், எவ்ளோ நேரம்ன்ற அளவும் மணிதான். "கால அளவு: 2.30 மணி"ன்னு ஒரு தடவ ரிவிஷன் டெஸ்ட்டுக்கு போட்டேன், ரெண்டரை மணி நேரம்ன்ற அர்த்தத்துல. மத்தியானம் ஒண்ணரைக்கு ஆரம்பிச்ச பரீட்சை அது. ஒரு பையன் ரெண்டரைக்கு பேப்பர கட்டி குடுத்துட்டான், பாதிகூட எழுதல. கேட்டா, "ரெண்டரை மணின்னு போட்ருக்கே மிஸ்." நான் வாயடச்சு போயிட்டேன். சில பேப்பர்ல "3.00 மணி + 15 நிமிடங்கள் கூடுதல் நேரம்"னு போடுவாங்க, அத 3.15னு கூட்டிக்கிட்டு, அந்த கூடுதல் 15 நிமிஷமும் எழுதுறதுக்குன்னு நெனைக்கிறவங்க நெறய பேர். அது எழுதுற நேரம் இல்லியே, பத்து நிமிஷம் கேள்வித்தாள் படிக்க, அஞ்சு நிமிஷம் விடைத்தாள்ல விவரம் நிரப்ப. "கூடுதல்"ன்ற வார்த்த கடைசியில சேத்து குடுப்பாங்கன்ற மாதிரி கேக்குது, ஆனா அது முன்னாடியே முடிஞ்சிடுது.

அதனால கால அளவ மட்டும் போடாதீங்க, கடிகார நேரத்த போடுங்க. சி.பி.எஸ்.இ.ல இத ஒழுங்கா பண்றாங்க, 10.15க்கு கேள்வித்தாள் குடுப்போம், 10.30 வரைக்கும் படிக்க மட்டும்தான், விடைத்தாள்ல எதுவும் எழுதக்கூடாதுன்னு அச்சுலயே இருக்கும். உங்க மாடல் எக்ஸாம் ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பதரைக்குன்னு வெச்சுக்குவோம், அப்போ இப்படி:

காலை 9.30: வினாத்தாள் தரப்படும். 9.40 வரை படிக்க மட்டும். எந்த வினாக்களை எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.
9.40: விடைத்தாளின் முதல் பக்கத்தை நிரப்புங்கள்.
9.45: விடை எழுதத் தொடங்கலாம்.
12.30: ஒரு மணி அடிக்கும். இன்னும் 15 நிமிடங்கள் உள்ளன.
12.45: நீண்ட மணி அடிக்கும். எழுதுவதை நிறுத்த வேண்டும்.
எழுதும் நேரம் மொத்தம் மூன்று மணி நேரம்.

மூணு மணி நேரம்ன்ற இடத்துல "நேரம்"ன்ற வார்த்தைய விட்டுடாதீங்க. 9.40 வரை படிக்கிற வரியில "முடிவு செய்யுங்கள்"னு போட்டிருக்கேனே, அதுதான் சாய்ஸையும் நேரத்தையும் கட்டுற முடிச்சு. சும்மா படிங்கன்னா பசங்க முதல் கேள்விலேர்ந்து மனசுக்குள்ளயே கணக்கு போட ஆரம்பிச்சிடுவாங்க, மூணாவது பகுதி வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் முடிஞ்சிடும். ரெண்டாவதுல நாலு, மூணாவதுல நாலு, நாலாவதுல ரெண்டு, மொத்தம் பத்து கேள்விய விட்டுடலாம்னு முடிவு பண்றதுதான் அந்த பத்து நிமிஷத்தோட வேலை.

இதுக்கு ஹால்ல கடிகாரம் இருக்கணும், அது சரியா ஓடணும். கண்காணிப்பாளரா நிக்கிறவர் கைக்கடிகாரத்த பாக்காம அந்த சுவர் கடிகாரத்த பாத்தே மணி அடிக்கணும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுட்டாங்க, பாதி பேர் வரல, பத்து நிமிஷம் தள்ளி ஆரம்பிப்போம்னு வெச்சுக்கோங்க (எப்பவாவது நடக்கும், நம்ம ஏரியா தெரியாதா), அச்சுல இருக்கற அத்தனை நேரமும் தப்பாயிடும். அதுக்கு ஒரு வரி, "தொடங்கும் நேரம் மாறினால், கரும்பலகையில் எழுதப்படும் நேரமே சரியானது." வாயால "பத்து நிமிஷம் எக்ஸ்ட்ரா தரேன்"னு சொன்னா அது முன் பெஞ்சோட நின்னுடும்.

பகுதி பகுதியா நேரம் பிரிச்சு போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. மாடல் எக்ஸாம்னா போடலாம்னுதான் நான் சொல்வேன், ஆனா ஜாக்கிரத. "பகுதி I: 20 நிமிடம்"னு மட்டும் போட்டா, 20 நிமிஷம் ஆனதும் பாதியில விட்டுட்டு ஓடுறவனும் இருக்கான், 12 நிமிஷத்துல முடிச்சிட்டு மீதி எட்டு நிமிஷம் கைய கட்டிட்டு உக்காந்தவனும் இருக்கான். "இது வழிகாட்ட மட்டும், முன்னதாக முடித்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்"னு கூடவே போடுங்க. நான் பிரிக்கிறது முதல் பகுதி 20, ரெண்டாவது 35, மூணாவது 80, நாலாவது 30, கடைசி 15 சரிபாக்க, மொத்தம் 180. மெதுவா வரையிற பசங்களுக்கு நாலாவதுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும், அத உங்க பசங்கள பாத்து மாத்திக்கோங்க.

உங்க 31 பேர்ல மாற்றுத்திறனாளி பிள்ளைங்க யாராவது இருந்தா அவங்களுக்கு தனியா ஒரு முதல் பக்கம் அடிங்க. ஒரு மணி நேர பரீட்சைக்கு குறைஞ்சது 20 நிமிஷம் ஈடு நேரம்னு மத்திய அரசு வழிகாட்டல் இருக்கு, மூணு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் வருது. அந்த பிள்ளையோட பேப்பர்ல 12.30க்கு பதிலா 1.30, 12.45க்கு பதிலா 1.45னு அச்சாகியிருக்கணும், "12.45 மணி உங்களுக்கு இல்லை, தொடர்ந்து எழுதுங்கள்"னும் ஒரு வரி இருக்கணும். எங்க ஸ்கூல்ல ஒரு பையன், கண்ணு சரியா தெரியாது, சொல்றத எழுத ஆள் வெச்சிருந்தோம். நீண்ட மணி அடிச்சதும் மத்தவங்க எழுந்தாங்க, இவனும் எழுந்து குடுத்துட்டு போயிட்டான், எழுதிக் குடுத்த பொண்ணுக்கும் சொல்ல தெரியல. அவனுக்கு எக்ஸ்ட்ரா டைம் இருக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், அவன் கையில இருந்த பேப்பர்ல மட்டும் அது இல்ல.

எல்லாத்தையும் முதல் பக்கத்துலயே போட்டு ரொப்பிடாதீங்க. பேனா நெறம், அச்சு சரியா இருக்கா பாருங்க, படத்துக்கு பென்சில், இதெல்லாம் ரெண்டு வரியில கடைசியில போதும். பல பேப்பர்ல இதுதான் முதல் வரி, சாய்ஸ் எங்கேயோ அடியில கெடக்கு. மேல நேரம், அடுத்து பகுதி வாரியா சாய்ஸ், அப்புறம் மத்தது. சாய்ஸ் வாசகத்த அந்தந்த பகுதி ஆரம்பிக்கிற இடத்துலயும் ஒரு எழுத்து மாறாம திரும்ப போடுங்க, ஏன்னா முதல் பக்கத்த 9.30க்கு படிச்சவன் மூணாவது பகுதிக்கு வரும்போது மணி பத்தே முக்கா ஆகியிருக்கும், திருப்பி பாக்க மாட்டான்.

பேச்சுத் தமிழ்ல போடலாமான்னு ஒரு டீச்சர் என்ன கேட்டாங்க. வேணாம், பேச்சு வழக்கு அச்சுல வந்தா பசங்களே சிரிப்பாங்க, படிக்கவும் தடுமாறும். "எழுதுங்கள்", "தேர்ந்தெடுங்கள்" போதும், எளிமையான எழுத்துத் தமிழ். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வீட்ல தெலுங்கும் உருதும் பேசற பிள்ளைங்க நெறய, அவங்களுக்கு "எவையேனும்" எங்கயும் காதுல விழாத வார்த்த. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்லயும் அடிச்சீங்கன்னா அந்தப் பத்தில், மற்ற ஒன்பதைன்ற ரெண்டும் அதுலயும் இருக்கான்னு ஒப்பிட்டு பாருங்க, பழைய போர்டு வாசகத்த காப்பி பண்ணி பக்கத்துல ஒட்டிடாதீங்க.

எழுதி முடிச்சப்புறம் சோதிக்கணும், இதுக்கு அரை மணி நேரம் போதும். முதல் பக்கத்த மட்டும் அஞ்சு பிள்ளைங்ககிட்ட குடுங்க, கேள்விங்க வேணாம். நல்லா படிக்கிறவங்கள எடுக்காதீங்க, அந்த ஒம்பது பேர்லேர்ந்தே எடுங்க. அஞ்சு நிமிஷம் படிக்க விட்டு ஒவ்வொருத்தரா கேளுங்க, கூட்டமா கேட்டா ஒருத்தன் சொல்றத மத்தவங்க சொல்லுவாங்க. "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. இப்படி கேளுங்க: மூணாவது பகுதியில எத்தனை எழுதுவ? 42 உனக்கு தெரியல, என்ன பண்ணுவ? 43 (அ), (ஆ) ரெண்டும் தெரியும், ரெண்டையும் எழுதுவியா? ஒம்பது நாப்பத்தி ரெண்டுக்கு என்ன பண்ணிட்டு இருப்ப? பன்னெண்டரைக்கு மணி அடிச்சா என்ன அர்த்தம்? ஒருத்தன் ஒரு பதில் தப்பா சொன்னாலும் அவனுக்கு விளக்கம் சொல்லாதீங்க, எந்த வரிய பாத்து அப்படி சொன்னான்னு விரல வெச்சு காட்ட சொல்லுங்க. அந்த வரிய மாத்தி எழுதி, வேற ரெண்டு பேர்கிட்ட குடுங்க.

42 தெரியலன்னா என்ன பண்ணுவன்னு கேக்கும்போது "விட்டுட்டு வேற எழுதுவேன்"னு ஒருத்தனாவது கண்டிப்பா சொல்லுவான். அவன் வாசகத்த தப்பா புரிஞ்சுக்கிட்டானா, இல்ல புரிஞ்சும் வேற வழியில்லாம சொல்றானான்னு பாத்துக்கோங்க, ரெண்டும் வேற வேற. அவன்கிட்ட "அப்போ அந்த வேற ஒண்ணுக்கு மார்க் வருமா?"ன்னு அடுத்த கேள்விய போடுங்க. வராதுன்னு சொன்னா வாசகம் வேலை செஞ்சிடுச்சு, மீதி நீங்க சாயங்காலம் கணக்கு நடத்துறதுல இருக்கு.